கல்யாணத்துக்கு எடுக்கும் ஈ.பி.எப். காசு: தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்மாருக்கும் தலைவிமாருக்கும் வணக்கம்.

நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் பத்தாம், பதினொராம் ஆண்டுகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறவன். எளிய வட்டியும் கூட்டு வட்டியும் எங்கள் பாடத்தில் வருகிறது. பிள்ளைகள் சூத்திரத்தைப் பாடமாக்கி, சோதனையில் எழுதி, மார்க்கும் வாங்குகிறார்கள். அதே பிள்ளைகளில் சிலர் ஏழெட்டு வருடம் கழித்து ஈ.பி.எப். என்னும் ஊழியர் சேமலாப நிதிக் காசை எடுப்பதற்காக கே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் பாடத்தில் படித்த கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும், ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவதும், பெரிய கிளாக்கரிடம் பேசுவதும் நீங்கள்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பேசப் போவது முக்கியமாக ஒரு விடயம். கல்யாணத்தின் காரணமாக வேலையை விடும் பெண், ஐம்பது வயது வரை காத்திருக்காமல் ஈ.பி.எப். பணத்தை எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கிடைக்க வேண்டிய பணத்தை, இருபத்தைந்து இருபத்தாறு வயதிலேயே எடுக்கலாம். எடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எடுக்காமல் விட்டால் அந்தக் கணக்கு அப்படியே இருக்கும், வருடா வருடம் வட்டியும் ஏறும். எங்கள் தோட்டங்களில் பலருக்கு இது தெரியாது. வேலையை விட்டால் கணக்கு செத்துப்போகும், காசைச் சீக்கிரம் எடுக்காவிட்டால் போய்விடும் என்று நினைக்கிறார்கள்.

முதலில் வட்டிக் கணக்கை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு இலட்சம் ரூபாய், நூற்றுக்கு ஒன்பது வட்டி என்று வைத்துக்கொள்வோம். எளிய வட்டி என்றால் ஒவ்வொரு வருடமும் அந்த முதல் ஒரு இலட்சத்துக்கு மட்டும்தான் வட்டி. முதல் வருடம் 9,000, இரண்டாம் வருடம் 9,000, முப்பதாம் வருடமும் அதே 9,000. கூட்டு வட்டி என்றால் முதல் வருடத்து 9,000 முதலோடு சேர்ந்துவிடும். இரண்டாம் வருடம் 109,000 ரூபாய்க்கு வட்டி போடுவார்கள். அது 9,810. மூன்றாம் வருடம் 118,810 ரூபாய்க்கு வட்டி, அது 10,692 ரூபாய் 90 சதம். வட்டி குட்டி போடும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான் இது.

முதல் மூன்று வருடத்தைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியாது. எல்லாருக்கும் அங்கேதான் கணக்குப் பிசகுகிறது. மூன்று வருடத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2,500 ரூபாய் அளவுதான். இதற்காகவா இவ்வளவு பேச்சு என்று கேட்கத் தோன்றும். சரி, கொஞ்சம் தூரம் போய்ப் பார்ப்போம்.

ஒன்பது சதவீதக் கூட்டு வட்டியில் பணம் எட்டு வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். இதை மனதாலேயே போட ஒரு வழி இருக்கிறது. 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், எத்தனை வருடத்தில் இரட்டிக்கும் என்று ஏறக்குறைய வந்துவிடும். 72ஐ 9ஆல் வகுத்தால் 8. பன்னிரண்டு சதவீதம் என்றால் 6 வருடம், ஆறு சதவீதம் என்றால் 12 வருடம். பிரட்டுக் களத்தில் நின்றபடியே சொல்லிக் கொடுக்கக்கூடிய கணக்கு இது.

பதினெட்டு வயதில் அந்த ஒரு இலட்சம் இருந்தால், 26 வயதில் 199,256. 34 வயதில் 397,031. 42 வயதில் 791,108. ஐம்பது வயதில் 1,576,333. எளிய வட்டியில் அதே முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு இருப்பது 388,000 ரூபாய் மட்டும்தான்.

இந்த எண்களில் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். முதல் எட்டு வருடத்தில் வந்த வட்டி ஒரு இலட்சம்கூட முழுதாக இல்லை. கடைசி எட்டு வருடத்தில் மட்டும் 785,225 ரூபாய் வந்திருக்கிறது. முப்பத்திரண்டாவது வருடத்தில் வரும் ஒரு வருட வட்டியே சுமார் 130,000. முதலில் போட்ட முழுத் தொகையையும்விட அந்த ஒரு வருடத்து வட்டி பெரிது.

ஆக, எட்டு வருடம் பிந்தித் தொடங்குகிறவர் எதை இழக்கிறார்? தொடக்கத்தில் வரும் அந்தச் சின்ன வட்டியைத்தான் இழக்கிறோம், போனால் போகட்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஐம்பது வயது என்ற முடிவு மாறாமல் நிற்கிறது. இருபத்தாறு வயதில் அதே ஒரு இலட்சத்தைப் போட்டவருக்கு ஐம்பதில் கிடைப்பது 791,108. மேலே சொன்ன நான்கு இரட்டிப்பில் கடைசி இரட்டிப்பு, அந்த ஏழு இலட்சத்து எண்பத்தைந்தாயிரம், அவருக்கு வராது. பிந்தியவரின் கையை விட்டுப் போவது வரிசையின் முடிவில் இருக்கும் அந்தப் பெரிய துண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிலையான வைப்பு வைத்திருக்கும் ஓய்வுபெற்றவர்களும் உங்களிடம் யோசனை கேட்கிறார்கள். வங்கி எந்த வட்டி தந்தாலும், அதை மாதாமாதம் எடுத்துச் செலவழித்தால் அது எளிய வட்டிதான். முதல் வளராது. வட்டியை எடுக்காமல் கணக்கிலேயே சேர விட்டால்தான் கூட்டு வட்டி. ஒரே வங்கியில், ஒரே வட்டி வீதத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இருவருக்கு இருபது வருடத்தில் வெவ்வேறு முடிவு வருவது இதனால்தான். வயதான காலத்தில் மாதச் செலவுக்கு வட்டியை எடுப்பதில் ஒரு பிழையும் இல்லை. இருபத்தைந்து வயதுக்காரர் அப்படி எடுத்தால்தான் நட்டம்.

ஈ.பி.எப்.பில் இந்தத் தொல்லை இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உருவான நிதி அது. சம்பளத்தில் தொழிலாளியிடம் 8 சதவீதம் பிடித்து, நிர்வாகம் 12 சதவீதம் சேர்த்து, மொத்தம் 20 சதவீதம் கட்ட வேண்டும். பணத்தை மத்திய வங்கி முகாமை செய்கிறது. வருடாந்த வட்டி அங்கத்தவரின் கணக்கில் சேர்ந்து, அடுத்த வருடம் அதற்கும் வட்டி வருகிறது. நாமாக ஒன்றும் செய்யாமலே கூட்டு வட்டி நடக்கிறது. எங்கள் சனத்துக்குக் கையில் இருக்கும் நீண்டகாலச் சேமிப்பு பெரும்பாலும் இது ஒன்றுதான். லயத்துக் காணி எங்கள் பெயரில் இல்லை. நகை அடகுக்குப் போய்வரும். சீட்டு ஒரு வருடத்தில் முடிந்துவிடும்.

இப்போது நான் வகுப்பில் போட்டுக் காட்டும் கணக்கை உங்களுக்கும் போடுகிறேன். ஒரு அக்கா, ஒரு தங்கச்சி என்று வைத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 2024இல் வந்த 1,350 ரூபாய், மாதம் இருபது பேர், அதாவது இருபது நாள் வேலை, விழுகிறது என்றால் மாதச் சம்பளம் 27,000. அதில் 20 சதவீதம் 5,400. வருடத்துக்கு 64,800. மழையில் வேலை இல்லாத நாள், அரைப்பேர் விழும் நாள் எல்லாம் இருப்பதால் வருடத்துக்கு 60,000 என்று குறைத்தே எடுப்போம். வட்டி 9 சதவீதம். உண்மையில் வட்டி வருடத்துக்கு வருடம் மாறும். 2021, 2022 ஆண்டுகளில் 9 சதவீதம் கொடுத்தார்கள், 2023இல் 13, 2024இல் 11. கணக்கு இலேசாக இருக்க 9ஐயே வைத்துக்கொள்கிறேன்.

அக்கா 18 வயதில் பேர் பதிந்து, எட்டு வருடம் கொழுந்தெடுத்து, 26 வயதில் கல்யாணம் முடித்து வேலையை விடுகிறார். அந்த எட்டு வருடத்தில் கணக்குக்குப் போன பணம் 480,000. அதில் அவர் சம்பளத்திலிருந்து பிடித்தது 192,000. நிர்வாகம் போட்டது 288,000. வட்டியோடு சேர்த்து 26 வயதில் கணக்கில் 661,708 ரூபாய் இருக்கும். அதன் பிறகு ஒரு சதம்கூட அவர் போடவில்லை, எடுக்கவும் இல்லை.

தங்கச்சி அதற்கு மாறாக 26 வயதில்தான் வேலைக்குச் சேருகிறார். சேர்ந்ததிலிருந்து ஐம்பது வரை, இருபத்துநான்கு வருடம், ஒரு வருடமும் விடாமல் அதே 60,000 அவர் கணக்குக்குப் போகிறது. மொத்தம் போட்டது 1,440,000. அக்கா போட்டதைப் போல மூன்று மடங்கு.

எளிய வட்டியில் கணக்குப் பார்த்தால் நம் மனம் எதிர்பார்ப்பதுதான் வரும். ஐம்பது வயதில் அக்காவுக்கு 1,668,000, தங்கச்சிக்கு 2,930,400. கூடப் போட்டவருக்குக் கூடக் கிடைக்கிறது. கூட்டு வட்டியில் போட்டால் தங்கச்சிக்கு 46 இலட்சத்து 7 ஆயிரம். அக்காவுக்கு 52 இலட்சத்து 34 ஆயிரம்.

எட்டு வருடம் உழைத்தவரின் கணக்கு, இருபத்துநான்கு வருடம் உழைத்தவரின் கணக்கைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் இதை நம்புவதில்லை. கல்குலேட்டரைக் கொடுத்து, ஒவ்வொரு வருடமாகப் போட வைப்பேன். ஒன்பதாவது வருடத்தில் அக்காவின் கணக்குக்கு வட்டி மட்டும் 59,554 வரும். அதைக் கண்டதும் வகுப்பு அமைதியாகிவிடும், ஏனென்றால் அது தங்கச்சி அந்த வருடம் முழுக்க மலையில் நின்று சேர்க்கும் 60,000க்குக் கிட்டத்தட்டச் சமம். பத்தாவது வருடத்தில் அது 64,914. அன்றிலிருந்து அக்காவின் கணக்கில் ஏறும் வட்டி, தங்கச்சி புதிதாகப் போடும் காசைவிடக் கூட.

தலைவிமாரே, கே படிவத்தோடு வரும் பெண் எடுக்கப் போவது இந்த அக்காவின் காசுதான். அவர் கண்ணுக்கு அது ஆறரை இலட்சம். அவர் விட்டுப் போவது ஐம்பது இலட்சத்துக்குப் போகும் பாதையில் இருக்கும் ஆறரை இலட்சம். வாழ்நாள் முழுக்க ஈ.பி.எப்.புக்குப் போகும் காசில், முதல் எட்டு வருடத்தில் போன காசுக்குத்தான் ஓட நீண்ட காலம் இருக்கிறது. அந்தக் காசைத்தான் எங்கள் பெண்கள் முதலில் எடுத்துவிடுகிறார்கள்.

இந்த 52 இலட்சத்தை அப்படியே அவரிடம் சொல்லி ஆசை காட்டாதீர்கள். அது இருபத்துநான்கு வருடம் கழித்து வரும் ரூபாய். அன்றைக்கு மாவும் அரிசியும் இன்றைய விலையில் இருக்காது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஒரே வருடத்தில் விலைவாசி கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடியிருந்தது. அந்த வருடத்துக்கு ஈ.பி.எப். கொடுத்தது 9 சதவீதம். அந்த ஒரு வருடத்தில் எல்லாருடைய சேமிப்பும் உள்ளுக்குள் கரைந்தது. கணக்கில் எண் கூடியது, அந்த எண்ணால் வாங்கக்கூடிய சாமான் குறைந்தது. கூட்டு வட்டி விலைவாசிக்கும் உண்டு. வருடத்துக்கு 5 சதவீதம் விலை ஏறினால், இன்று 100 ரூபாய்க்கு வாங்கும் சாமான் இருபத்துநான்கு வருடத்தில் சுமார் 322 ரூபாய்.

அப்படிப் பார்த்தால் அந்த 52 இலட்சத்தின் பெறுமதி, அக்கா வேலையை விட்ட நாளின் விலையில், சுமார் 16 இலட்சத்து 23 ஆயிரம். எடுத்திருந்தால் கிடைத்திருக்கும் 6 இலட்சத்து 61 ஆயிரத்தைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அவ்வளவுதான் உண்மையான இலாபம். ஒன்றும் செய்யாமல் விட்டதற்கு இரண்டரை மடங்கு என்பது சின்ன விடயம் இல்லை. ஆனாலும் எட்டு மடங்கு என்று சொல்வது ஏமாற்று வேலை.

அக்கா தங்கச்சி கணக்குக்கும் இதே திருத்தம் வேண்டும். அங்கே முப்பத்திரண்டு வருடமும் சம்பளம் மாறாது என்று வைத்தேன். 2021இல் 1,000 ரூபாயாக இருந்த நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆனது. இனியும் ஏறும். பிந்தி வேலை செய்பவரின் கணக்குக்கு ரூபாயில் கூடப் பணம் போகும். சம்பளமும் விலைவாசியும் வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது, வட்டி 9 சதவீதம் என்று எடுத்து, எல்லாவற்றையும் அக்கா வேலை தொடங்கிய நாளின் விலையில் போட்டால், ஐம்பது வயதில் அக்காவுக்குச் சுமார் 13 இலட்சத்து 47 ஆயிரம், தங்கச்சிக்குச் சுமார் 22 இலட்சத்து 88 ஆயிரம். இப்போது தங்கச்சிதான் முன்னால் நிற்கிறார். ஆனால் உழைத்த வருடங்களால் வகுத்துப் பாருங்கள். அக்காவின் ஒவ்வொரு வருட உழைப்பும் ஐம்பதில் 168,000 ரூபாயாக நிற்கிறது. தங்கச்சியின் ஒரு வருடம் 95,000 ரூபாயாக. இளம் வயதில் போட்ட காசுக்கு ஒன்றே முக்கால் மடங்கு பலம். இந்தக் கணக்கைத்தான் நான் முழு மனதோடு நம்பச் சொல்வேன். வட்டி விலைவாசியை எவ்வளவு தாண்டுகிறதோ அந்த அளவுக்குத்தான் முந்தித் தொடங்கியதன் பலன் உண்மையானது. இரண்டும் சமமாகிவிட்டால் முந்திப் போட்டாலும் பிந்திப் போட்டாலும் ஒன்றுதான்.

யாரையும் எடுக்காதே என்று மறிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. எடுப்பதே சரியான கணக்காக இருக்கும் நேரமும் உண்டு. பெரிய உதாரணம் வட்டிக்கடன். தோட்டத்தில் கைமாற்றாக மாதம் நூற்றுக்குப் பத்து என்று வாங்குகிறார்கள். 10,000 ரூபாய் வாங்கி, வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் வருடத்தில் 12,000 வட்டி போகும், முதல் அப்படியே நிற்கும். வட்டி கட்டத் தவறி, கடன் கொடுத்தவர் அதை முதலோடு சேர்த்து எழுதிக்கொண்டால், பன்னிரண்டாம் மாதத்தில் கடன் 31,384 ரூபாய். கூட்டு வட்டி இங்கே எங்களுக்கு எதிராக ஓடுகிறது, அதுவும் மாதத்துக்கு ஒரு தடவை. 72 கணக்கைப் போட்டால் ஏழு மாதம் சொச்சத்தில் கடன் இரண்டு மடங்கு. இப்படி ஒரு கடன் தலைக்கு மேல் இருக்கும்போது ஈ.பி.எப். காசு 9 சதவீதத்தில் வளரட்டும் என்று விடுவது பிழை. எடுத்து அந்தக் கடனை அடைப்பதுதான் புத்தி. வைத்தியச் செலவு, கூரை விழுந்த வீடு, இவையும் காத்திருக்க முடியாதவை.

ஆனால் மண்டப வாடகைக்கும், வீடியோவுக்கும், நாலு பவுன் கூடுதல் நகைக்கும் போகும் காசு வேறு. எங்கள் பெண்கள் விரும்பியே இதைச் செய்கிறார்கள் என்று சொல்வது எனக்கு ஒப்பில்லை. பல இடங்களில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது முன்பே தெரியும். பெண் பார்க்க வரும்போதே ஈ.பி.எப். எவ்வளவு என்று கேட்கிறார்கள். பதினெட்டு வயதிலிருந்து கூடை சுமந்து அவர் சேர்த்தது, சீர்ப் பட்டியலில் ஒரு வரியாகிப் போகிறது. இந்த இடத்தில் ஒரு தலைவியின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு என் சொல்லுக்கு இல்லை. தாய் தகப்பனிடமும், தேவைப்பட்டால் மாப்பிள்ளை வீட்டிலும், "அந்தக் காசு பிள்ளையின் ஐம்பது வயதுக்கு இருக்கட்டும்" என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

நான் கேட்பது சின்னக் காரியம். கல்யாணத்துக்கென்று கே படிவத்தோடு ஒரு பெண் வந்தால், கையெழுத்துக்கு முன் அவரோடு தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். கணக்குக் கூற்றில் இன்றைய மீதி எவ்வளவு என்று பார்த்து, அவர் வயதை ஐம்பதிலிருந்து கழித்து, எட்டு எட்டாக எத்தனை இரட்டிப்பு வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பக்கத்திலேயே விலைவாசியின் கதையையும் சொல்லுங்கள். கடன் இருக்கிறதா, என்ன வட்டி என்று கேளுங்கள். அப்புறம் அவர் எடுக்கிறேன் என்றால் எடுக்கட்டும், அது அவர் காசு. கட்டுநாயக்காவில் கார்மண்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே பேச்சு வேண்டும். புது இடத்தில் புது இலக்கத்தில் கணக்குத் தொடங்கும். தோட்டத்துக் கணக்கு அதனால் இல்லாமல் போகாது. பழைய இலக்கத்தை எழுதிப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பெயரிலும் அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் இருபது வருடம் கழித்து அலைய வேண்டி வரும், ஆகவே வேலையை விடும் முன் அதைச் சரிபார்க்க வைப்பது நல்லது.

இரண்டாவது கோரிக்கை தலைவர்மாருக்கு. நிலுவை பற்றியது.

ஒரு மாதச் சம்பளத்துக்குரிய ஈ.பி.எப். பணத்தை நிர்வாகம் அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் 5 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. ஆனாலும் சம்பளச் சீட்டில் பிடித்த காசு, கணக்குக் கூற்றில் வருடக்கணக்காக ஏறாமல் கிடந்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். பிறகு போராடி, பேச்சுவார்த்தைக்குப் போய், "நிலுவை முழுவதும் கட்டியாகிவிட்டது" என்ற செய்தியோடு வருகிறோம். அந்த "முழுவதும்" என்ற சொல்லைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே அக்காவின் முதல் வருடத்து 60,000ஐ நிர்வாகம் நேரத்துக்குக் கட்டாமல் எட்டு வருடம் கழித்துக் கட்டுகிறது என்று வையுங்கள். வட்டி இல்லாமல் வெறும் 60,000 கட்டினால், அன்றைக்குக் கணக்கில் இருந்திருக்க வேண்டியது 119,554. பாதி காணவில்லை. சரி, எட்டு வருடத்துக்கு எளிய வட்டி போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் 103,200 வரும். கேட்க நியாயமாக இருக்கும், மேசையில் இருக்கும் எல்லாரும் தலையாட்டுவார்கள். அப்படி இருந்தும் 16,354 ரூபாய் குறைகிறது. அந்த 16,354, அவருக்கு ஐம்பது வயதாகும்போது சுமார் 118,700 ரூபாயாக வளர்ந்திருக்க வேண்டிய காசு. வட்டியே இல்லாமல் கட்டியிருந்தால் ஐம்பது வயதில் குறையும் தொகை 4 இலட்சத்து 32 ஆயிரம். ஒரே ஒரு வருடத்து நிலுவைக்கு.

கட்ட வேண்டியவர் வயது போனவர் என்றால் இந்தக் குறை சின்னது, ஏனென்றால் ஓட வருடம் இல்லை. நாற்பத்தெட்டு வயதுக்காரரின் ஒரு வருட நிலுவையும் பத்தொன்பது வயதுக்காரரின் ஒரு வருட நிலுவையும் ரூபாயில் ஒன்றாக இருக்கலாம், நட்டத்தில் ஒன்றல்ல. நிலுவைப் பட்டியல் போடும்போது இளம் தொழிலாளர்களின் பெயர்களைத் தனியாகக் குறித்து, அவர்களுடையதை முதலில் கேளுங்கள். வயதானவர்களுக்குத்தான் அவசரம் என்று இதுவரை மறுபக்கமாகச் செய்து வந்திருக்கிறோம். ஓய்வு வாசலில் நிற்பவருக்குப் பணம் கையில் கிடைக்க வேண்டியது அவசரம்தான், அதை விடச் சொல்லவில்லை. இளையவர்களின் பட்டியலை அதன் பின்னால் வருடக்கணக்கில் காத்திருக்க விடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, உடன்படிக்கை எழுதும்போது "உரிய வட்டியுடன்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். எந்த வட்டி, எந்தத் திகதியிலிருந்து, வருடா வருடம் முதலோடு சேர்த்தா சேர்க்காமலா என்பதை அந்த வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். நிதி அந்தந்த வருடத்துக்கு அறிவித்த வட்டி வீதங்கள் பகிரங்கமானவை. அந்த வீதத்தில், வருடா வருடம் சேர்த்து, என்று எழுதினால் பிறகு வாக்குவாதத்துக்கு இடம் இல்லை.

நிலுவை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் கடினம் இல்லை. தொழிலாளியின் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து, ஈ.பி.எப். என்று பிடித்த தொகைகளைக் கூட்டுங்கள். அது 8 சதவீதம். அதை இரண்டரையால் பெருக்கினால் கணக்குக்குப் போயிருக்க வேண்டிய 20 சதவீதம் வரும். உதாரணமாக வருடத்தில் 24,000 பிடித்திருந்தால், கூற்றில் அந்த வருடத்துக்கு வட்டி தவிர 60,000 ஏறியிருக்க வேண்டும். குறைந்தால் எந்த மாதம் விடுபட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, தொழில் திணைக்களத்துக்கு எழுதலாம்.

சம்பளச் சீட்டை வாங்கியதும் கசக்கி எறியும் பழக்கம் எங்கள் இளசுகளிடம் இருக்கிறது. சம்பள நாளன்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஒரு கணித ஆசிரியரின் உதவி வேண்டும் என்று நினைக்கும் தோட்டங்கள் பக்கத்துப் பாடசாலையில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் கோயில் மண்டபத்திலோ பிள்ளைக்காம்பராவிலோ உட்கார்ந்து, கல்குலேட்டரும் கூற்றும் வைத்துக்கொண்டு, வருபவர் ஒவ்வொருவருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்க என்னைப் போன்றவர்கள் தயார். பதினெட்டு, பத்தொன்பது வயதில் புதிதாகப் பேர் பதிந்தவர்களை முதலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அன்புடனும் மரியாதையுடனும்,
ஒரு தோட்டப் பாடசாலைக் கணித ஆசிரியர்